பிட்டமும் எதிர்ப்பக்க லாட்டும்: தனித்தனியாகவா, சேர்த்தா?

ஒரு வருஷம் போல ஹிப் த்ரஸ்ட்டையும் லாட் புல்டவுனையும் தனித்தனியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். இரண்டிலும் எடை நன்றாகவே ஏறியது. ஆனால் ஓடும்போது எடுத்த வீடியோவைப் பார்த்தால், வலது கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஷார்ட்ஸ் நாடாவின் முடிச்சு அளவுக்கு மேல் வலப்பக்கம் திரும்பியது. பிட்டத்தில் பலம் இருந்தது, ஊன்றும் நேரத்தில் இடுப்பெலும்பைப் பிடித்து வைக்க மட்டும் அது வரவில்லை. அப்புறம்தான் வலது காலில் நின்று இடது கையால் கேபிள் இழுக்கும் ரோவுக்கு மாறினேன். என் சாய்வு இதன் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஜோடி எப்படி இணைகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். லாட் தசை மேல் கை எலும்பில் தொடங்கி முதுகில் சரிந்து இறங்கி, கீழ்முதுகைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற தடித்த படலத்தில் கலக்கிறது. பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டின் ஒரு பகுதி அதே ஃபேசியாவின் கீழ் முனையைப் பிடித்திருக்கிறது. நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே இந்தப் படலத்தின் இழைகளில் சில நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகின்றன. அதனால் இடது லாட்டும் வலது குளூட்டும் ஒரே மூலைவிட்டக் கோட்டில் அமைகின்றன. 1995-இல் வ்லீமிங்கும் கூட்டாளிகளும் பதப்படுத்திய உடல்களில் இந்தத் தசைகளை இழுத்துப் பார்த்தபோது, படலத்தின் அசைவு எதிர்ப்பக்கத்திலும் தெரிந்தது. இணைப்பு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதன் வழியே எவ்வளவு விசை போகிறது என்பதில்தான் சண்டை. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

மெஷின்களின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தடுமாற்றம் கிடையாது, எடையைச் சின்னச் சின்னப் படிகளாக ஏற்றலாம், தசை நன்றாக வளரும். நான் அதிக நேரம் செலவழித்து யோசித்தது ஒரே ஒரு கேள்வியைத்தான்: பயிற்சியின்போது இடுப்பெலும்பைப் பிடித்து வைப்பது யார்?

புல்டவுனில் உட்கார்ந்தால் தொடைமேல் ஒரு மெத்தை வந்து அழுத்தும். இடுப்பெலும்பு அதற்கும் இருக்கைக்கும் நடுவில் பூட்டப்பட்டுவிடும். லாட் எவ்வளவு இழுத்தாலும் மறுமுனையைப் பிடிப்பது மெஷின், குளூட் அல்ல. ஹிப் த்ரஸ்ட்டில் இரண்டு பாதங்களும் தரையில், எடை நடுவில். அங்கே இடுப்பெலும்பைத் திருப்பும் விசையே கிடையாது. ஆக, எனக்குக் குறைவாக இருந்த அந்த ஒரு வேலை இரண்டு பயிற்சியிலும் வரவே இல்லை.

இப்போது கேபிள் ரோவைப் பாருங்கள். வலது பாதம் முன்னால் ஊன்றியிருக்கிறது, இடது கால் பின்னால் பெருவிரலால் தரையை லேசாகத் தொட்டிருக்கிறது, கைப்பிடி இடது கையில். கேபிள் 15 கிலோ என்றால் இழுப்பு ஏறக்குறைய 150 நியூட்டன். அது இடது தோளை முன்னால் இழுக்கிறது. உடம்பு வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது, அதோடு இடுப்பெலும்பும் வலது தொடையெலும்பின் மேல் வலப்பக்கம் சுழலப் பார்க்கிறது. ஓட்டத்தில் என் முடிச்சு திரும்பிய அதே திசை! இதைத் தடுக்க வேண்டிய முக்கியத் தசை வலது குளூட், ஏனென்றால் தொடையை வெளிப்பக்கம் சுழற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. தொடை ஊன்றி நிற்கும்போது அதே இழுப்பு இடுப்பெலும்பை இடப்பக்கம் திருப்பும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். வலது இடுப்பு மூட்டிலிருந்து இடது தோள் வரை பக்கவாட்டில் உத்தேசமாக 27 செ.மீ. 150 நியூட்டனை 0.27 மீட்டரால் பெருக்கினால் சுமார் 40 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. அதே நிலையில் நின்றுகொண்டு வலது கையால் இழுத்தால்? வலது தோள் அந்த மூட்டுக்கு வெளியே 9 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. திருப்புவிசை 13, 14-க்கு இறங்கிவிடும், அதுவும் எதிர்த்திசையில். கையை மாற்றியதும் குளூட்டுக்கு அந்தச் சுழற்சியைத் தடுக்கும் வேலை போய்விடுகிறது. பிட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள், எனக்கு வித்தியாசம் விரலுக்கே தெரிந்தது.

சரி, இதில் ஃபேசியாவின் பங்கு எவ்வளவு? இங்கேதான் என் ஆர்வத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட வேண்டியிருந்தது. 1998-இல் போக்டக்கும் கூட்டாளிகளும் லாட்டின் இழைகளை அளந்து கணக்கிட்டார்கள். முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் என்ற எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் குறுக்கே லாட் கொடுக்கக்கூடிய விசை அதிகபட்சம் 30 நியூட்டன் என்று வந்தது. ஏறக்குறைய மூன்று கிலோவின் எடை. அந்த மூட்டை இறுக்கிப் பிடிக்க இது அற்பம் என்பது அவர்கள் முடிவு. இன்னொரு பக்கம், 2013-இல் கர்வல்யாய்ஸும் கூட்டாளிகளும் உயிருள்ள மனிதர்களிடமே சோதித்தார்கள். லாட்டைச் சுருக்கியபோது எதிர்ப்பக்க இடுப்பு மூட்டின் விறைப்பு கூடியது. ஓய்வுநிலையும் சற்று வெளிப்பக்கம் நகர்ந்தது. ஆக, படலம் விசையைக் கடத்துகிறது, ஆனால் பெரிய சுமையைத் தூக்கிச் செல்லும் கயிறாக அல்ல. நான் போட்ட அந்த 40 நியூட்டன் மீட்டரில் பெரும்பங்கு விலா, வயிற்றுப்பக்கத் தசைகள், முதுகெலும்பு வழியாகத்தான் கீழே இறங்குகிறது என்றே நினைக்கிறேன். ஃபேசியாவுக்காக இந்தப் பயிற்சிக்கு வந்தவன், நெம்புகோல் கணக்குக்காகத் தங்கிவிட்டேன்.

ஒன்று கவனிக்க வேண்டும். கயிறோ எலும்போ, விசை எந்த வழியில் போனாலும் மறுமுனை பிடிக்காவிட்டால் அங்கே நிற்காது. குளூட் தளர்ந்தால் லாட்டின் இழுப்பு இடுப்பெலும்பைத் திருப்புவதில் செலவாகும். அது வெளியே தெரியும்: நாடா முடிச்சு முன்னங்காலின் பக்கம் நகரும், முழங்கால் உள்ளே சாயும். இன்னொரு ஏமாற்று, பின்னங்கால் கள்ளத்தனமாகச் சுமை வாங்குவது. இரண்டு பாதமும் சேர்ந்து திருப்பத்தைத் தடுத்தால் குளூட்டுக்கு விடுமுறைதான். பாதி இழுப்பில் பின்விரலைத் தரையிலிருந்து ஒரு நொடி எடுத்துப் பார்ப்பேன். எடுக்க முடியாவிட்டால் எடை அதிகம். நான் 20 கிலோவில் தொடங்கி, இந்தச் சோதனையில் தோற்று, 10-க்கு இறங்கி, மூன்று செட் எட்டு முறை என்று மெதுவாக ஏறினேன்.

மெஷின் ஜெயிக்கும் இடமும் உண்டு. இந்த ரோவில் சமநிலையும் கையும் முதலில் தோற்றுவிடும், குளூட்டுக்குப் போதுமான பளு கிடைக்காது. தசை பெருக்க வேண்டும் என்றால் ஹிப் த்ரஸ்ட்டே சரி, வாரத்தில் ஒரு நாள் அதை இன்னமும் விடவில்லை. கீழ்முதுகில் வலி இருப்பவருக்கு எது நல்லது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அது பிசியோவைக் கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்து மாதம் கழித்து எடுத்த வீடியோவில் முடிச்சின் திருப்பம் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதே சமயம் ஓடும் தூரத்தையும் குறைத்திருந்தேன், அதனால் முழுப் பெருமையும் ரோவுக்கே என்று சொல்ல மாட்டேன். வலது காலில் நின்று இடது கையால் இப்போது 17.5 கிலோ இழுக்கிறேன். பக்கம் மாற்றினால் 20 வருகிறது.