கலந்துரையாடலுக்கு முன் 20 நிமிட அழைப்பு: குழுவில் கேட்பதா, தனித்தனியாகக் கேட்பதா?

மயிலாப்பூரில் ஓர் அரங்கு. சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றிப் பொதுக் கலந்துரையாடல். ஒரு நெறியாளர், நான்கு பேச்சாளர்கள், ஒருவர் சிங்கப்பூரிலிருந்து இணையவழியில். முன்கூட்டியே எல்லோரையும் ஒரு சின்ன அழைப்பில் சேர்க்க வேண்டும்.

வாட்ஸாப் குழுவில் “இந்த வாரம் எல்லோருக்கும் எப்போது வசதி?” என்று போடுவது ஒரு வழி. ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே பழகியவர்கள் என்றால் இதுவே போதும். பழகாதவர்களிடம், ஒருவர் செவ்வாய் என்பார், இன்னொருவர் புதன் என்பார், மூத்தவர்கள் குழுவில் வாய் திறக்கவே மாட்டார்கள். மூன்று பேர் ஒத்துக்கொண்ட பிறகு, அந்த நேரத்தில் தனக்கு வகுப்பு இருக்கிறது என்பார் நெறியாளர். மறுபடி முதலிலிருந்து.

எங்கள் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான்: முதலில் நெறியாளருக்கு மட்டும் போன் செய்து இரண்டு நேரங்களை வாங்கிக்கொள்வது, பிறகு பேச்சாளர்களிடம் தனித்தனியாகக் கேட்பது. பேச்சாளர் ஒருவர் வராவிட்டால் பிறகு ஐந்து நிமிடம் போனில் சொல்லிவிடலாம். நெறியாளர் இல்லாத அழைப்பில் எதையும் முடிவுசெய்ய முடியாது. யாரை முதலில் பேசவிடுவது, யாரை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில்.

செய்தி இப்படி இருந்தால் பதில் சீக்கிரம் வரும்:

“வணக்கம் ஐயா. நிகழ்ச்சிக்கு முன் 20 நிமிடம் மட்டும் கூகுள் மீட்டில் பேச வேண்டும். பேசும் வரிசை, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம், முதல் கேள்வி, இவ்வளவுதான். தலைப்பை அன்று விவாதிக்கப்போவதில்லை. நெறியாளர் செவ்வாய் இரவு 7.30க்கும் புதன் காலை 8 மணிக்கும் இருக்கிறார். உங்களுக்கு எது தோது? ஞாயிறு மாலைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.”

இதை முந்தைய வியாழக்கிழமையே அனுப்ப வேண்டும். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், அவருக்கு இரவு 10, காலை 10.30 என்று அவருடைய நேரத்திலேயே எழுதுங்கள். அழைப்பை வெள்ளிக்குத் தள்ளினால், இரண்டு பேர் ஒரே வரைபடத்தைக் காட்டப்போவது தெரிந்தாலும் மாற்ற அவகாசம் இருக்காது.

“விவாதிக்கப்போவதில்லை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நல்ல வாதங்களெல்லாம் அழைப்பிலேயே தீர்ந்து, மேடையில் “அன்றைக்கே சொன்னேனே” என்று ஆரம்பிப்பார்கள்.

20 நிமிடத்தில் முடிவாக வேண்டியது நேரக் கணக்கு. 90 நிமிட நிகழ்ச்சியில் அறிமுகத்துக்கு 5, தொடக்கப் பேச்சு ஆளுக்கு 5 வீதம் 20, உரையாடலுக்கு 40, பார்வையாளர் கேள்விகளுக்கு 25. யாராவது 10 நிமிடம் கேட்டால், அந்தக் கூடுதல் 5 எதிலிருந்து போகும் என்று நெறியாளர் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

ஒருவருக்கு இரண்டு நேரமும் ஒத்துவராவிட்டால் நேரத்தை மாற்றாதீர்கள். அழைப்பு முடிந்த அன்றே நெறியாளர் அவரைக் கூப்பிட்டு வரிசையையும் முதல் கேள்வியையும் சொல்லட்டும். ஒருங்கிணைப்பாளர் சொன்னால், பேச்சாளர் கேட்கும் மறுகேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.