மாத்திரை கட்டர்: நாள்பட்ட புழக்கத்தில் தெரிய வருபவை

மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டர் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பாதான். மூடியின் உட்புறம் ஒரு பிளேடு, கீழ்த்தட்டில் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம், பின்னால் கீல். காய்கறிக் கத்தியால் நறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இது தருவது சரிபாதி அல்ல, ஏறக்குறைய பாதி. அந்த 'ஏறக்குறைய' எந்த மருந்துக்குப் பரவாயில்லை, எதற்குக் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கட்டர். வட்ட மாத்திரையைப் பள்ளத்தின் இரு சுவர்களும் தாங்கிப் பிடிக்கும். பிளேடு பள்ளத்தின் நடுக்கோட்டில் நேராக இறங்கினால் மாத்திரை பெரிதோ சிறிதோ நடுவில்தான் வெட்டுப்படும். வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதைத்தான். மூடியை மெல்லச் சாய்த்து, பிளேடின் நுனி பள்ளத்தின் கூர்முனைக்கு நேரே வருகிறதா என்று மேலிருந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 7 மி.மீ. அகலமுள்ள தட்டையான மாத்திரையில் அந்த அரை மில்லிமீட்டர், ஒரு துண்டைச் சரிபாதியில் 82 சதவீதமாகவும் மற்றதை 118 சதவீதமாகவும் ஆக்கிவிடும். 10 மி.மீ. மாத்திரையில் அதே விலகல் 87, 113 என்று நிற்கும். ஐரோப்பிய மருந்தியல் நூலின் சோதனை, பாதியாக்குவதற்காக நடுவில் கோடு போட்ட மாத்திரைகளின் 30 துண்டுகளை எடைபோடச் சொல்கிறது. சராசரி எடையின் 85–115 சதவீதத்துக்கு வெளியே ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, 75–125-ஐ எதுவும் தாண்டக் கூடாது. அதாவது சின்ன மாத்திரைதான் கட்டரைச் சோதிக்கும். பெரிய மாத்திரையை அழகாக வெட்டுகிறது என்பதற்காக ஒரு கட்டரை நம்பிவிட முடியாது.

வெட்டும் முறை எளிதுதான், வரிசை தவறக் கூடாது. கையும் டப்பாவும் உலர்ந்திருக்க வேண்டும். மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து அப்போதுதான் எடுக்க வேண்டும். கோடு மேலே தெரிய, பிளேடின் திசையிலேயே இருக்கும்படி வையுங்கள். பிளேடு கோட்டைத் தொடும் வரை மூடியை இறக்கி, ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். கோணலாக இருந்தால் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு ஒரே அழுத்தாகச் சட்டென்று அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் மாத்திரை பிளேடுக்கு அடியில் நகர்ந்து ஓரம் நொறுங்கும். திறக்கும்போது மெதுவாகத் திறங்கள், துண்டுகள் துள்ளித் தரையில் விழும். நடுவில் ஆழமான கோடுள்ள நீள மாத்திரைக்குக் கட்டரே வேண்டாம். கோட்டின் இரு பக்கமும் பெருவிரலை வைத்து ஒடித்தால் சுத்தமாகப் பிரியும்.

நாளாக ஆக இரண்டு பழுதுகள் வரும். ஒன்று, பிளேடு மழுங்குவது. துண்டின் முகம் வழவழப்பாக இல்லாமல் பிய்த்தது போல் இருந்தால், பள்ளத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தூள் கிடந்தால், அதுதான் அடையாளம். தூள் என்பது மருந்து. அது உங்கள் அளவிலிருந்துதான் குறைகிறது. மற்றொன்று, கீல் தளர்ந்து மூடி பக்கவாட்டில் ஆடுவது. இது தூளை வைத்துத் தெரியாது, ஒரு துண்டு எப்போதும் பெரிதாகவே வருவதை வைத்துத்தான் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் புதுக் கட்டர்தான். பிளேடைக் கழற்றித் தீட்டப் போய் விரலை வெட்டிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சிறு பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிடுங்கள், வேறு மருந்தை வெட்டும் முன் கட்டாயம். வீட்டில் இருவரின் மருந்துகளை வெட்டுவதானால் ஆளுக்கொரு கட்டர் நல்லது.

துண்டுகள் சற்று ஏறுக்குமாறாக வந்தாலும் சில மருந்துகளில் பாதகமில்லை என்பதற்கு இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் நல்ல உதாரணம். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். கோடு போட்ட 5 மி.கி. மாத்திரையில் இன்று சற்றுப் பெரிய துண்டு, நாளை அதன் ஜோடி என்று போனால் இரண்டு நாளில் கணக்கு நேராகிவிடும். அதனால்தான் ஒரு மாத்திரையை வெட்டி அதன் இரு துண்டுகளையும் தீர்த்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். வாரத்துக்கு மொத்தமாக வெட்டி டப்பாவில் போட்டால் ஜோடி கலைந்துவிடும், காற்றின் ஈரமும் ஏறும். டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மருந்து. உட்கொள்ளும் நேரம் வரை ஸ்ட்ரிப்பிலேயே இருக்க வேண்டியது. அதை வெட்டி மறு பாதியைச் சேமிப்பதைவிட, குறைந்த அளவு மாத்திரையாகவே எழுதித் தரக் கேட்பது மேல்.

இனி வெட்டவே கூடாதவை. இங்கே சிக்கல் எடையில் இல்லை, மாத்திரை செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் தப்பு நடப்பது சர்க்கரை மாத்திரையில். கிளிமிபிரைடும், மெதுவாக மருந்தை வெளிவிடும் மெட்ஃபார்மின் எஸ்ஆரும் சேர்ந்த மாத்திரையை ஓரமாகப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நிற அடுக்குகள் தெரியும். ஒன்று உடனே கரையும் கிளிமிபிரைடு. மற்றது வயிற்றில் ஊறிக் கூழாகி, மணிக்கணக்கில் மருந்தைக் கசியவிடும் மெட்ஃபார்மின். நடுவில் வெட்டினால் கூழாக வேண்டிய அடுக்குக்குப் புதிதாக ஒரு திறந்த முகம் கிடைக்கிறது, மருந்து வேகமாக வெளியேறுகிறது. சில சமயம் அடுக்குகளே கழன்று, எந்தத் துண்டில் எவ்வளவு கிளிமிபிரைடு என்று சொல்ல முடியாமல் போகும். கிளிமிபிரைடு அதிகமானால் சர்க்கரை தாழும். அளவைக் குறைக்க வேண்டுமானால் 0.5 மி.கி. கிளிமிபிரைடு உள்ள கலவையைக் கேளுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்ஆர், சிஆர், ரிடார்ட் என்று வரும் எதிலும் கட்டரை வைக்கக் கூடாது. நிஃபெடிபின் ரிடார்டை வெட்டினால் பல மணி நேர மருந்து மொத்தமாக இறங்கி, இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். விதிவிலக்கு உண்டு: சில மெட்டோபிரோலால் சக்சினேட் மாத்திரைகள் தனித்தனிப் பூச்சுள்ள நுண்ணுருண்டைகளை அழுத்திச் செய்தவை, கோடும் இருக்கும். தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால் அவற்றைப் பாதியாக்கலாம். அப்போதும் மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. அந்தக் குறிப்பு பெரும்பாலும் ஸ்ட்ரிப்போடு வருவதில்லை, மருந்தாளுநரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பெயரின் பின்பாதி போய்விடுகிறது என்பதையும் கவனியுங்கள். எஸ்ஆர் என்ற எழுத்து இருந்த இடம் கத்தரிக்கோலுக்குப் போயிருக்கலாம்.

பான்டோபிரசோல், பூச்சுள்ள ஆஸ்பிரின் போன்றவற்றின் மேற்பூச்சு வயிற்று அமிலத்தைத் தாண்டிச் செல்வதற்கானது. வெட்டிய முகத்தில் பூச்சு இல்லை. பான்டோபிரசோல் அமிலத்தில் சிதைந்து பயனற்றுப் போகும், ஆஸ்பிரின் வயிற்றிலேயே கரைந்து இரைப்பையை உறுத்தும். எலும்புக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட்டை உடைத்தால் வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் புண்ணாகலாம்.

தூளே ஆபத்தாக இருக்கும் மருந்துகளும் உண்டு. மெதோட்ரெக்சேட்டை வீட்டில் வெட்டக் கூடாது. முடக்குவாதத்துக்குத் தரும் வாராந்தர அளவை 2.5 மி.கி. முழு மாத்திரைகளின் எண்ணிக்கையாகவே எழுதி வாங்குங்கள். ஃபினாஸ்டெரைடு உடைந்திருந்தால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கும். முழு மாத்திரையில் அதைச் சுற்றியுள்ள பூச்சுதான் தடுப்பு. அந்த மருந்தை வெட்டிய கட்டரை வீட்டிலுள்ள கர்ப்பிணியிடம் கழுவக் கொடுப்பதும் அதே தப்புதான்.