ஐந்து லிட்டர் கேனா, ஒரு லிட்டர் பாக்கெட்டா, அரை லிட்டர் பாட்டிலா?

சூப்பர் மார்க்கெட்டில் கடலை எண்ணெய் வாங்கப் போனால் ஒரே பிராண்டு மூன்று அளவுகளில் நிற்கிறது. பெரிய கேன்தான் மலிவு என்று நாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். போன மாதம்தான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கணக்குக்கு உதவும் எண் ஒன்று பாக்கெட்டிலேயே இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எம்.ஆர்.பி.யோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும். ஒரு லிட்டருக்குக் குறைவான பொட்டலம் என்றால் மில்லி லிட்டருக்கு இவ்வளவு, அதற்கு மேல் என்றால் லிட்டருக்கு இவ்வளவு. எடைக்கும் இதே முறைதான், கிராமும் கிலோவும். சரியாக ஒரு லிட்டர் பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யே அலகு விலை என்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை.

நான் பார்த்த அரை லிட்டர் பாட்டிலின் எம்.ஆர்.பி. 115 ரூபாய், அலகு விலை மில்லிக்கு 0.23 ரூபாய். ஒரு லிட்டர் பாக்கெட் 225. ஐந்து லிட்டர் கேன் 1,100, அதாவது லிட்டருக்கு 220. பாட்டிலின் 0.23-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 230 வருகிறது. ஆக, அச்சிட்ட விலைப்படி கேன் முதலிடம், பாக்கெட் இரண்டாவது, பாட்டில் கடைசி.

ஆனால் நாம் எம்.ஆர்.பி. கொடுத்து வாங்குவதில்லையே. அலமாரிச் சீட்டில் கடை போட்டிருந்த விலை வேறு: பாட்டில் 98, பாக்கெட் 205, கேன் 1,040. இப்போது லிட்டருக்குப் பாட்டில் 196, பாக்கெட் 205, கேன் 208. வரிசை அப்படியே தலைகீழ்! கேன் எடுப்பதற்குப் பதிலாகப் பத்துப் பாட்டில் எடுத்தால் அதே ஐந்து லிட்டருக்கு 60 ரூபாய் மிச்சம். பாக்கெட்டில் உள்ள எண் உற்பத்தியாளர் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடையின் தள்ளுபடி அதில் தெரியாது. அதனால் கடை விலையை அளவால் வகுத்து நாமேதான் பார்க்க வேண்டும். போனில் பத்து வினாடி வேலை.

இன்னொரு சிக்கல், அந்த எண் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கப்படுவது. மில்லிக்கு 0.23 என்றால் உண்மையில் லிட்டருக்கு 225 முதல் 235 வரை எதுவாகவும் இருக்கலாம். எண்ணெயில் இது சின்ன வித்தியாசம். அரைக் கிலோ சர்க்கரையில் கிராமுக்கு 0.05 என்று போட்டிருந்தால், கிலோ 45-ஆ 55-ஆ என்றே தெரியாது. மலிவான பொருளின் சின்னப் பொட்டலத்தில் அந்த எண்ணை நம்பவே வேண்டாம்.

அப்புறம், லிட்டரும் கிராமும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும் சிலதில் 850 கிராம் என்று இருக்கும். அது 934 மில்லிதான். அதை 200 ரூபாய்க்கு வாங்கினால் லிட்டருக்கு 214 ஆகிறது. பக்கத்தில் இருக்கும் 205 ரூபாய் பாக்கெட்டைவிட அது விலை அதிகம்.

சரி, கேனுக்கே நல்ல தள்ளுபடி வந்தால்? 950 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 190, பாட்டில் சலுகை முடிந்துவிட்டது, பாக்கெட் 205. ஐந்து லிட்டரில் மிச்சம் 75 ரூபாய். பாக்கெட் விலையில் அந்த 75 ரூபாய்க்கு 366 மில்லி எண்ணெய் வரும். கேனில் அவ்வளவு வீணானால் லாபம் போச்சு.

எங்கள் வீட்டில் மாதம் ஒன்றே கால் லிட்டர் செலவாகும். கேன் நான்கு மாதம் வரும். 366 மில்லியை 120 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3 மில்லி, அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். கேனைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றும் வீட்டில் இந்த அளவு கூடுதலாக விழுவது கண்ணுக்கே தெரியாது. இதோடு, திறந்த கேனில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. அடுப்புப் பக்கத்துச் சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் கடைசி லிட்டரில் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். முகர்ந்தாலே தெரியும். அந்த ஒரு லிட்டரைக் கொட்டினால் 190 ரூபாய் நஷ்டம்.

ஆறேழு பேர் இருந்து ஐந்து லிட்டரை ஒன்றரை, இரண்டு மாதத்தில் முடிக்கும் வீட்டுக்கு 950 ரூபாய் கேன் நிச்சயம் லாபம். அங்கேயும் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, கரண்டியால் அளந்து எடுக்க வேண்டும். துணி துவைக்கும் பவுடர் மாதிரி கெடாத பொருளில் இந்தக் கவலை குறைவு. ஈரம் படாமல் மூடி வைத்து, அளவுக் கரண்டி போட்டால், கிலோவுக்குக் குறையும் ஒவ்வொரு ரூபாயும் கையில் நிற்கும். எங்கள் நாலு பேர் வீட்டில் இப்போது பவுடர் பெரிய பை, எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட். பாட்டிலுக்கு 98 ரூபாய் சலுகை வரும் மாதம் மட்டும் மூன்று பாட்டில்.