கப்பல் ஏன் மிதக்கிறது: அடர்த்தியா, விலக்கிய தண்ணீரா?

இத்தனை பெரிய இரும்புக் கப்பல் மிதக்கிறது, சின்ன ஆணி மட்டும் ஏன் மூழ்குகிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

முதல் வழி, சராசரி அடர்த்தி. எஃகு தண்ணீரைப் போல ஏறக்குறைய 7.8 மடங்கு அடர்த்தியானது, அதனால் ஆணி மூழ்குகிறது. கப்பலுக்குள் பெரும்பகுதி காற்று நிறைந்த காலி இடம்தான், ஆகவே மொத்தமாகப் பார்த்தால் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. இது சரியான விடை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதைக் கேட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் 'காற்றுதான் கப்பலைத் தூக்குகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். காற்று தூக்குவதில்லை. தண்ணீர் வரவேண்டிய இடத்தை அது பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, விலக்கிய தண்ணீர். ஒரு பொருள் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்ட இடத்தில் முன்பு தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரைச் சுற்றியிருந்த தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே எஃகு வந்தாலும் சுற்றியிருக்கும் தண்ணீர் அதே பலத்தோடுதான் தள்ளும். ஆகவே மேல்நோக்கிய தள்ளல், விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். 10 கிராம் ஆணி முழுசாக மூழ்கினாலும் விலக்குவது ஒன்றேகால் கன சென்டிமீட்டர் தண்ணீரைத்தான். கிடைக்கும் தள்ளல் ஒன்றேகால் கிராம். மீதி எட்டேமுக்கால் கிராமைத் தாங்க ஆளில்லை.

சரி, இரண்டும் ஒன்றைத்தானே சொல்கின்றன? என் தேர்வு ஒரே விஷயத்தில் அமைந்தது: எவ்வளவு ஆழம் அமிழும், இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று நேரடியாகச் சொல்வது எது?

நேரான பக்கங்கள் உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 100 கிராம், அடிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். மிதக்க அது 100 கன சென்டிமீட்டர் தண்ணீரை விலக்கவேண்டும். அதற்கு 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும். ஒவ்வொரு 10 ஆணிக்கும், அதாவது 100 கிராமுக்கும், இன்னொரு சென்டிமீட்டர் இறங்கும். 40 ஆணி போட்டால் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் உள்ளே தண்ணீர் புகும், விலக்கும் இடம் பறிபோகும், டப்பா ஆணி மாதிரி அடிக்குப் போகும். அடர்த்தியிலிருந்தும் இந்தக் கணக்கை வரவழைக்கலாம். ஆனால் திறந்த டப்பாவின் கன அளவை எதுவரை எடுப்பது என்று முதலில் முடிவு செய்யவேண்டும். பிள்ளைகள் அங்கேயே தடுமாறுகிறார்கள்.

அப்புறம் நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று. 30 ஆணிகளோடு டப்பாவை வாளியில் மிதக்கவிட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். ஆணிகளை எடுத்து நேராகத் தண்ணீரில் போட்டுவிட்டு, டப்பாவைக் காலியாக மிதக்கவிடுங்கள். மட்டம் என்ன ஆகும்? ஏறும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இறங்கும். டப்பாவுக்குள் இருந்தபோது அந்த ஆணிகளைத் தாங்க 300 கன சென்டிமீட்டர் தண்ணீர் விலகியிருந்தது. அடியில் கிடக்கும்போது 38 தான் விலகுகிறது. சுமார் 25 சென்டிமீட்டர் அகல வாளியில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஆணிகள், டப்பாவிலும் தண்ணீரிலும்!

உண்மைக் கப்பலிலும் இதே கணக்குதான். 41,000 டன் எடையுள்ள கப்பல் கடலில் 40,000 கன மீட்டர் உப்பு நீரை விலக்கி மிதக்கிறது. வங்கக் கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் ஏறி நன்னீருக்கு வரும்போது 41,000 கன மீட்டர் விலக்கவேண்டும். நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு 5,000 சதுர மீட்டர் என்றால், ஒரு கிலோ சரக்கு கூடாமலேயே 20 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். எதுவரை அமிழலாம் என்று காட்டத்தான் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடுகள் வரைகிறார்கள். இந்த வித்தியாசத்துக்காக நன்னீருக்கான கோடு கடல்நீர்க் கோட்டைவிட மேலே இருக்கும்.

ஆனால் விலக்கிய நீரின் எடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 1628-இல் ஸ்டாக்ஹோமில் வாசா என்ற போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே காற்றில் சாய்ந்து, பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. மிதக்கும் அளவு தண்ணீரை அது விலக்கத்தான் செய்தது. எடை மேலே ஏறியிருந்ததுதான் பிரச்சினை. சாய்வைப் பற்றி நான் பெரிய வகுப்புகளுக்கு எடுத்ததில்லை, அங்கே எந்த வழி எளிது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முழுக்க அமிழ்ந்த நீர்மூழ்கிக் கப்பலுக்கு வந்தால், அங்கே நானும் அடர்த்தியைத்தான் எடுப்பேன்.