அரிசி மாவா, ரவையா? தோசைக்கல்லில் வஞ்சிரம்

அரை கிலோ வஞ்சிரத்தை விரல் பருமனில் வெட்டி வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்தேன். இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து தடவி, அரை மணி நேரம் ஊற வைத்தேன். அதற்கு மேல் விட்டால் புளிப்பில் சதை வெளுத்து மாவு மாதிரி ஆகிவிடும்.

பாதித் துண்டுகளுக்கு மசாலாவிலேயே இரண்டு கரண்டி அரிசி மாவைக் கலந்தேன். மீதியை, மும்பை, கோவா பக்கம் செய்வது போல, ஊறியபின் ரவையில் புரட்டி, ஒட்டாததை உதறிவிட்டேன். உதறாவிட்டால் உதிர்ந்த ரவை எண்ணெயில் கருகி, அடுத்த ஈட்டைக் கசக்க வைக்கும்.

முதலில் இரண்டு வகையையும் பெரிய தீயில் போட்டுப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் அரிசி மாவுத் துண்டு கறுத்தது. மிளகாயும் பூண்டும் மீனுக்கு முன்னால் கருகிவிடும். பிட்டுப் பார்த்தால் நடுமுள்ளை ஒட்டி இன்னும் கண்ணாடி மாதிரி பச்சையாக இருந்தது. ரவை கொஞ்சம் தாங்கியது, ஆனால் உள்ளே அதே கதைதான். சிறு தீ இன்னும் மோசம். மீனில் இருந்து நீர் கசிந்து, வறுபடாமல் வெந்து, மசாலா கல்லோடு தங்கிவிட்டது.

சரி, மிதமான தீ. இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு துளி மசாலா போட்டதும் உடனே பொரிந்தால் தீயைக் குறைத்து மீனை இடலாம். அரிசி மாவுக்கு முதல் பக்கம் நான்கு நிமிடம், அடுத்த பக்கம் மூன்று. இடையில் தொடவே கூடாது. கரண்டியை நுழைத்தால் தானாக விடுபட வேண்டும். ஒட்டினால் இன்னும் மொறுமொறுப்பு ஏறவில்லை, அரை நிமிடம் பொறுங்கள். ரவைக்குப் பக்கத்துக்கு நான்கு நிமிடமும், ஓரத்தில் இன்னொரு கரண்டி எண்ணெயும் வேண்டும். வறண்ட ரவை எண்ணெயைக் குடித்துக்கொள்ளும்.

கடைசி அரை நிமிடம் தீயைக் கூட்டினால் மேற்பரப்பு உலர்ந்துவிடும். மூடி மட்டும் போடாதீர்கள், ஆவி எல்லாவற்றையும் நமுக்க வைக்கும். தட்டில் அடுக்கினாலும் அப்படியே. கம்பி வலையில் வைப்பது நல்லது.

சுடச்சுடச் சோற்றோடு சாப்பிட அரிசி மாவுதான் என் தேர்வு. மெல்லிய மொறுமொறுப்பு, மசாலா நேராக நாக்கில் படும். ஆனால் அரை மணியில் தொய்ந்துவிடுகிறது. விருந்தாளி வர நேரமாகும் என்றால் ரவை. ஆறினாலும் கடிக்கும்போது சத்தம் கேட்கும், காரம் மட்டும் சற்று மங்கும். மத்தி போன்ற சிறு மீனுக்கு நான் ரவை போடுவதே இல்லை. மீனைவிட மேலோடு கனமாகிவிடுகிறது. அதற்கு அரிசி மாவு, கொஞ்சம் கூடுதல் தீ, பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் போதும்.