எச்சரிக்கை: உங்கள் ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்திருக்கிறதா?

உள்ளூர் ஆபரேட்டரிடம் ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள், அதிலும் சிசிடிவி கேமராவுக்காக ஸ்டாடிக் ஐபி எடுத்தவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்கள் கடைக்கு இணைப்பு கொடுத்த ஆட்கள், ரவுட்டரின் செட்டிங் பக்கத்தை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யூசர்நேம் admin, பாஸ்வேர்டும் admin. ரிமோட் மேனேஜ்மென்ட் என்பது இதுதான். தங்கள் ஆபீஸில் இருந்தபடியே கோளாறு பார்க்க வசதி என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடை வைஃபையில் வங்கியின் தளத்தைத் திறந்தால் `Your connection is not private` என்று வர ஆரம்பித்தது. அதே போனில் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் தளம் ஒழுங்காகத் திறந்தது. லேப்டாப்பிலும் இதே கதைதான். நல்லவேளையாக, அந்த எச்சரிக்கையைத் தாண்டி யாரும் உள்ளே போய்ப் பாஸ்வேர்டு அடிக்கவில்லை.

ஆபரேட்டருக்கு போன் செய்தால், "உங்க போன்ல வைரஸ் இருக்கு சார்" என்றார்கள். விடாமல் கேட்ட பிறகு ஒரு பையன் வந்தான். ரீசெட் பொத்தானை அமுக்கினான், சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். சில நாளில் அதே எச்சரிக்கை திரும்ப வந்தது.

இந்த முறை லேப்டாப்பில் நானே பார்த்தேன்:

```
ipconfig /all
```

அதில் `DNS Servers` என்ற வரியில் வழக்கமாக ரவுட்டரின் முகவரியோ ஆபரேட்டர் கொடுத்த முகவரியோ இருக்கும். எங்களுக்கு இரண்டுமே இல்லாத ஏதோ ஓர் எண் இருந்தது. தளத்தின் பெயரை அடித்தால் அது எந்த ஐபியில் இருக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ். அதை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகவே அடித்தாலும் திருடன் வைத்திருக்கும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேருவோம். போனிலும் லேப்டாப்பிலும் எந்த வைரஸும் தேவையில்லை. ரீசெட் செய்தும் ஏன் தீரவில்லை என்றால், ரீசெட்டுக்குப் பிறகு ஆபரேட்டரின் பழைய அமைப்பே திரும்ப ஏறியது. அதில் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்தே இருந்தது.

உங்கள் ரவுட்டர் திறந்திருக்கிறதா என்று பார்க்க, வைஃபையில் இருக்கும்போது "what is my ip" என்று தேடி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். பின்னால் `:8080` போட்டும் பாருங்கள், முன்னால் `https://` சேர்த்துப் பின்னால் `:8443` போட்டும் பாருங்கள். ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வைஃபையில் இருந்தபடியே சோதிக்காதீர்கள். மூடியிருந்தாலும் சில ரவுட்டர்கள் உள்ளேயிருந்து கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடும்.

மூடுவதற்கு `192.168.1.1` போன்ற உள் முகவரியில் நுழைந்து `Remote Management` அல்லது `Remote Access` என்ற இடத்தைத் தேடுங்கள். ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் `Security` பகுதியில் `ACL` என்ற பெயரில் இருக்கும். அங்கே `WAN` பக்கம், அதாவது இன்டர்நெட் பக்கம் உள்ள HTTP, HTTPS, Telnet, SSH எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதை முடித்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டிஎன்எஸ்ஸை கடைசியாகச் சரிசெய்யுங்கள். கதவு திறந்திருக்கும்போது டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றினால் திருடர்கள் மறுபடியும் மாற்றிவிடுவார்கள். எல்லாம் ஆனதும் ரவுட்டரை அணைத்துப் போட்டு, மொபைல் டேட்டாவில் இன்னொரு தடவை சோதியுங்கள்.

பாஸ்வேர்டை மட்டும் கடினமாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2011-இல் பிரேசிலில் ரவுட்டர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் பாஸ்வேர்டையே வெளியிலிருந்து எடுத்து, சுமார் 45 லட்சம் மோடம்களில் டிஎன்எஸ்ஸை மாற்றினார்கள். அங்கேயும் குறி வங்கிக் கணக்குகள்தான். லாகின் பக்கமே வெளியே தெரியாவிட்டால் இந்த மாதிரி ஓட்டையை நேராக வந்து தொட முடியாது.

பல இணைப்புகளில் தனி ஐபி கிடையாது. ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும். ரவுட்டரின் WAN முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுடையது அந்த வகை. வெளி ஆட்கள் நேராக வர முடியாது என்றாலும், அதே ஆபரேட்டரின் வலையில் இருக்கும் இன்னொருவரின் கெட்டுப்போன கருவி வரக்கூடும். அதனால் அங்கேயும் மூடிவிடுங்கள்.

"மூடிட்டா நாங்க சர்வீஸ் பண்ண முடியாது சார்" என்று எங்களிடம் சொன்னார்கள். ஆபரேட்டர்கள் பெட்டியை நிர்வகிக்க TR-069 என்று தனி வழி இருக்கிறது. அது இல்லாதவர்கள் தங்கள் ஆபீஸ் ஐபிக்கு மட்டும் அனுமதி வைக்கலாம். ஊருக்கே திறந்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. இதைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எங்கள் பெட்டியின் அமைப்பை மாற்றிக் கொடுத்தார்கள். 300 ரூபாய் திரும்பி வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அவருடைய ரவுட்டரையும் சோதித்தோம். அவர்கள் மாட்டியதுதான், அங்கேயும் admin, admin.