காப்புறுதி பில்லைப் பன்னிரண்டு மாதமாகப் பிரிப்பது: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் பினாங்கில் உள்ள பிறையிலிருந்து ஒரு தங்கை கூப்பிட்டாள். முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதியவள், இப்போது லாரி கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். "அக்கா, நீங்க இன்சூரன்ஸ மாசா மாசம் பிரிச்சுத்தானே போடுறீங்க? சாஃப்ட்வேர்லயே அதுக்கு ஒரு பட்டன் இருக்காமே, நம்பலாமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்வது ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகம். கடைக்கும் இயந்திரங்களுக்கும் சேர்த்துத் தீ, திருட்டுக் காப்புறுதி எடுக்கிறோம். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 18ஆம் தேதி தொடங்கி மறு வருடம் செப்டம்பர் 17 வரை. பில்லை ப்ரீபெய்டில், அதாவது முன்கூட்டியே செலுத்திய செலவுக்கான கணக்கில் போட்டு, மாதாமாதம் செலவுக்கு மாற்றுவதை 2018இலிருந்து செய்கிறேன். சாஃப்ட்வேரின் தானியங்கிப் பிரிப்பைப் பயன்படுத்தத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிரிக்காமல் எழுதிய காலத்தில், முழுத்தொகையும் செப்டம்பர் செலவில் விழும். எங்களுக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை, நாட்காட்டி ஆர்டரெல்லாம் குவியும் மாதம் அதுதான். இயந்திரம் ராத்திரி பத்து மணி வரை ஓடும், கணக்கைப் பார்த்தால் லாபம் சுருங்கி நிற்கும். முதலாளி என்னிடம் வந்து, "இவ்வளவு வேலை பாத்தும் ஏம்மா இப்படி?" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிரிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. காப்புறுதி என்பது மாதத்துக்கு எழுநூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் செலவு என்று அவருக்கு முதன்முறையாகக் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு விலை சொல்லும்போது வாடகை, மின்சாரத்தோடு அதையும் சேர்த்துக்கொள்கிறார். இந்த ஒன்றுக்காகவே இந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

பட்டன் வேறு கதை. 2024ஆம் வருடப் பில்லையே எடுத்துக்கொள்கிறேன். பிரீமியம் 8,000 ரிங்கிட். அதற்கு 8 சதவீத சேவை வரி 640. முத்திரை வரி 10. மொத்தம் 8,650 ரிங்கிட். வரியையும் சேர்த்தே ப்ரீபெய்டில் போட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஜிஎஸ்டி இருந்த காலத்தில், பதிவு பெற்ற கடைகள் அந்த வரியைத் திரும்பக் கோர முடிந்தது, அதனால் தனியாக எடுத்து வைத்தோம். இப்போதைய சேவை வரியை அப்படிக் கோர முடியாது. அதுவும் காப்புறுதியின் விலைதான். பழைய பழக்கத்தில் 640ஐ மட்டும் அந்த மாதச் செலவில் தள்ளுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

பில்லின் தேதி ஆகஸ்ட் 26. முகவர் எப்போதும் மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவார். அன்றே பதிந்தேன்: ப்ரீபெய்ட் காப்புறுதி டெபிட், முகவர் கணக்கு கிரெடிட், 8,650. "பிரி" என்ற பட்டனைத் தட்டி 12 என்று கொடுத்தேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 720.83 ரிங்கிட் தானாகச் செலவுக்குப் போனது. நாலு மாதம் நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் ப்ரீபெய்ட் பட்டியல் கேட்டான். டிசம்பர் 31 நிலுவை 5,045.85 என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் பாலிசியின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "அக்கா, செப்டம்பர்லதானே ஆரம்பிக்குது, எப்படி அஞ்சு மாசம் போயிருக்கு?" என்றான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. சாஃப்ட்வேர் காப்புறுதி தொடங்கும் நாளைப் பார்க்கவே இல்லை. பில்லின் தேதியைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்டையே முதல் மாதமாக எண்ணியிருக்கிறது. காப்புறுதி தொடங்காத மாதத்துக்கே செலவு போட்டிருக்கிறது.

உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டேன். செப்டம்பரில் 13 நாள், அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31. ஆக 105 நாள். 8,650ஐ 365ஆல் வகுத்து 105ஆல் பெருக்கினால் 2,488.36. அதுதான் அந்த வருடத்தின் உண்மையான செலவு. மீதி 6,161.64 ப்ரீபெய்டில் நிற்க வேண்டும். சாஃப்ட்வேர் போட்ட செலவோ 3,604.15. வித்தியாசம் 1,115.79 ரிங்கிட், அவ்வளவும் லாபத்திலிருந்து குறைந்திருந்தது. டிசம்பர் 31 தேதியிட்டு ப்ரீபெய்டை டெபிட், செலவைக் கிரெடிட் செய்து ஒரு ஜர்னல் போட்டுச் சரிசெய்தேன். ஆடிட்டர் கேட்டிருக்காவிட்டால், அடுத்த ஜூலையில் ப்ரீபெய்ட் தீர்ந்திருக்கும், பாலிசி மட்டும் செப்டம்பர் 17 வரை உயிரோடு இருந்திருக்கும். தங்கைக்கு நான் சொன்ன சோதனை இதுதான்: பாலிசி முடியும் முன்னே நிலுவை பூஜ்யமானாலும், பாலிசி முடிந்த பிறகும் நிலுவை மிச்சமிருந்தாலும், தொடக்கத் தேதி தப்பு.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், தொடக்கத் தேதியை மாற்ற ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது. மூன்றாவது திரையில், மூடி வைத்த பகுதிக்குள். பில்லின் தேதியை அதில் தானே நிரப்பி வைக்கிறது. முதல் மாதம் பதிவான பிறகு மாற்ற விடாது, எல்லாப் பதிவையும் திருப்பிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். மாற்றினாலும் முழு மாதமாகத்தான் எண்ணும், 18ஆம் தேதி அதற்குத் தெரியாது. செப்டம்பரை முழு மாதமாக எடுத்தால் டிசம்பருக்குள் நாலு மாதம், 2,883.32. அக்டோபரில் தொடங்கினால் மூன்று மாதம், 2,162.49. சரியான 2,488.36க்கு ஒன்று சுமார் 395 ரிங்கிட் மேலே, மற்றது சுமார் 326 ரிங்கிட் கீழே. எங்கள் அளவுக் கடைக்கு இது பெரிய தொகை இல்லை என்றும், வருடா வருடம் ஒரே முறையைப் பிடித்தால் போதும் என்றும் ஆடிட்டர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும் பாலிசிக்குப் பன்னிரண்டால் வகுத்தாலே போதும். ஆனால் சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்தான் ஆகிறது என்றபோது, தப்பான எண்ணை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

என்னை அதைவிட எரிச்சல்படுத்தியது மார்ச் மாதம். புதிய வெட்டு இயந்திரம் வந்தது. பாலிசியில் சேர்க்கச் சொன்னோம். மார்ச் 1 முதல் செப்டம்பர் 17 வரைக்கும் வரியோடு 402 ரிங்கிட் கூடுதல் பில் வந்தது. பட்டனிடம் கொடுத்திருந்தால் மாதம் 33.50 என்று அடுத்த பிப்ரவரி வரை இழுத்திருக்கும், பாலிசி முடிந்து ஐந்து மாதம் கழித்தும். உண்மையில் அது 201 நாளுக்கான பணம். நாளைக்கு இரண்டு ரிங்கிட், மார்ச்சில் 62, ஏப்ரலில் 60 என்று போய்ச் செப்டம்பர் 17இல் முடிய வேண்டும். கூடுதல் பில் தாய்ப் பாலிசியோடு சேர்ந்தே முடியும் என்பது காப்புறுதியின் அரிச்சுவடி. பிரிப்பதற்கென்றே ஒரு வசதி செய்தவர்கள் இதைக்கூட யோசிக்கவில்லையே என்று இப்போதும் கோபம் வருகிறது.

அன்றிலிருந்து நான் விரிதாளில் போடுகிறேன். B1இல் மொத்தத் தொகை, B2இல் தொடக்க நாள், B3இல் முடியும் நாள். A6 முதல் கீழே ஒவ்வொரு மாதத்தின் கடைசித் தேதி. ஐந்தாம் வரிசை தலைப்புக்கு.

```
C6: =ROUND($B$1*MAX(0,MIN(A6,$B$3)-$B$2+1)/($B$3-$B$2+1),2)
D6: =C6-N(C5)
E6: =$B$1-C6
```

மூன்றையும் கீழே இழுத்துவிட்டால் போதும். C என்பது அந்தத் தேதி வரை கரைந்த மொத்தம், D அந்த மாதச் செலவு, E ப்ரீபெய்டில் மிச்சம். மாதத் தொகையை முதலில் கணக்கிடாமல், கரைந்த மொத்தத்தைக் கணக்கிட்டுக் கழிப்பதில்தான் சூட்சுமம். 720.83ஐப் பன்னிரண்டு முறை போட்டால் 8,649.96தான் வரும், நாலு சென் ப்ரீபெய்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய பாலிசிகளின் சென்கள் அப்படிச் சேர்ந்து கிடந்ததை ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். மேலே உள்ள வழியில் கடைசி மாதம் தானாகவே சரியாகிவிடும். செப்டம்பர் 308.08, அக்டோபர் 734.66 என்று எண்கள் மாதத்துக்கு மாதம் மாறும். முதலாளி ஒருமுறை ஏன் என்று கேட்டார், மாதத்தில் நாள் மாறுகிறதே என்றேன், அதோடு சரி.

தங்கையின் லாரிகளுக்கு இரண்டு விஷயம் கூடுதலாக உண்டு. முகவர் பில்லில் ரோட் டேக்ஸும் சேர்ந்தே வரும். அதை ஆறு மாதத்துக்கும் எடுக்கலாம் என்பதால் தனி வரிசையாகப் பிரித்து அதன் காலத்துக்குக் கரைக்க வேண்டும். அடுத்தது, நடுவில் லாரியை விற்றுப் பாலிசியை ரத்து செய்தால், திரும்பி வரும் பணம் பல நேரம் ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் தொகையைவிடக் குறைவாக இருக்கும். குறையும் தொகையை அந்த மாதமே செலவில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாத லாரிக்குக் காப்புறுதிச் செலவு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

"பிரிச்சுப் போட்டா பணமும் மெதுவா குடுக்கலாமாக்கா?" என்றும் கேட்டாள். முடியாது. எங்கள் தீ பாலிசியில் 60 நாளுக்குள் பிரீமியம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கட்டாவிட்டால் பாலிசியே போய்விடும். வாகனத்துக்கு முதலில் பணம், பிறகுதான் பாலிசி. கணக்கில் பன்னிரண்டு மாதமாகக் கரைந்தாலும் வங்கியிலிருந்து ஒரே நாளில்தான் போகிறது.

பட்டனைப் பற்றி என் முடிவு: ஐந்துக்கு இரண்டு. மூன்று வருடத்தில் அது எனக்கு மிச்சப்படுத்திய நேரத்தை மறுக்கவில்லை. வாடகை முன்பணம், ஒன்றாம் தேதி தொடங்கும் இணையச் சந்தா ஆகியவற்றுக்கு இப்போதும் அதையே தட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. காப்புறுதிக்கு மட்டும் தொடமாட்டேன். தங்கையின் கம்பெனியில் பதினாலு லாரி, பதினாலு தொடக்கத் தேதி. விரிதாளை அன்று இரவே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.